ஒரே கூப்பன், நாலு சோதனை

ஆன்லைன் புத்தகக் கடையில் ஒரு கூப்பன்: 500 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்கினால் 10% தள்ளுபடி. கணக்குப் போடும் ஃபங்ஷனை மட்டும் தனியே எடுத்து 499, 500, 600 கொடுத்துப் பாருங்கள். 499, 450, 540 வர வேண்டும். இது யூனிட் டெஸ்ட். 500-ஐ விட்டுவிடாதீர்கள்; `>=` போட வேண்டிய இடத்தில் `>` போட்டிருந்தால் அங்கேதான் மாட்டும்.

அடுத்தது இன்டகிரேஷன் டெஸ்ட்: பகுதிகளைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. கார்ட் 540 என்று ரூபாயில் அனுப்புகிறது. பேமென்ட் பகுதியோ பைசாவில் எதிர்பார்க்கிறது. வாடிக்கையாளரிடம் பிடிக்கப்படுவது 5 ரூபாய் 40 காசு! இரண்டு பக்கமும் யூனிட் டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும். புதிதாக வருபவர்கள் கோட்டை விடக்கூடிய இடம் இது.

சிஸ்டம் டெஸ்ட் என்றால் முழுத் தளத்தையும் ஓட்டிப் பார்ப்பது: புத்தகத்தைத் தேடி, கூப்பன் போட்டு, பணம் கட்டிய பிறகு ஸ்டாக்கில் ஒன்று குறைந்ததா, மின்னஞ்சலில் 540 என்றே வந்ததா?

அப்புறம் அக்செப்டன்ஸ் டெஸ்ட்: கேட்டவருக்கு வேண்டியது இதுதானா என்று அவரிடமே காட்டிப் பார்ப்பது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "பாடப் புத்தகத்துக்குத் தள்ளுபடி கிடையாதே!" என்கிறார். கோடில் பிழை இல்லை. தேவையைத்தான் யாரும் சரியாகக் கேட்கவில்லை.