அப்பாவின் நெஞ்செரிச்சலும் ஓமப்பொடி பாக்கெட்டும்

ராத்திரி படுத்ததும் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். டாக்டர் மாத்திரை கொடுத்து, காரம், காபி, எண்ணெய்ப் பண்டம் மூன்றையும் குறைக்கச் சொன்னார். நான் காரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். மிக்சருக்குப் பதில் காரமில்லாத ஓமப்பொடி வாங்கினேன். எரிச்சல் அப்படியே இருந்தது. பாக்கெட்டைத் திருப்பினால், 100 கிராமில் கொழுப்பு 38 கிராம்! கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் தங்கும். உணவுக்குழாயின் அடிவாசலையும் தளர்த்தும். 'ஒரு பரிமாறலுக்கு' என்று போட்டிருந்த சின்ன எண் 30 கிராமுக்கானது. அப்பாவோ அரைப் பாக்கெட்டைக் காலி செய்கிறவர். இப்போது 100 கிராம் கணக்கைத்தான் பார்க்கிறேன். பொரியும் பொட்டுக்கடலையும் வாங்குகிறேன்.

காபிக்கு மாற்றாகச் சுக்குக் காபிப் பொடி வாங்கியதும் சொதப்பல்தான். காஃபீன் இல்லை, சரி. ஆனால் சேர்மானப் பட்டியல் எடை அதிகமான பொருளில் தொடங்கும். அதில் சுக்குக்கு அடுத்தே மிளகு. குடித்த அன்று அப்பா தூங்கவில்லை. அப்புறம் பழைய ஃபில்டர் காபிக்கே வந்தோம்: டிகாஷன் பாதி, காலை இட்லிக்குப் பிறகு ஒரே டம்ளர். மாலையில் வெந்நீர். மூன்றாவது வாரம், நடு ராத்திரியில் எழுந்து உட்காருவது நின்றது. மாத்திரை மட்டும் டாக்டர் சொன்னபடி தொடர்கிறது.