"வேண்டாம்" காணாமல் போனால்: வாக்கி டாக்கி ஆப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் ஊர்வலம் வரும் நாளில், காலி வீதியோரம் தண்ணீரும் மோரும் கொடுக்கும் தொண்டர் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். மொத்தம் 14 பேர். முன்பு ஒரு விஷயத்தைச் சொல்ல 13 கோல் எடுக்க வேண்டும். அந்தத் தொல்லை தாங்காமல் ஒரு வருடம் வாக்கி டாக்கி ஆப் ஒன்றுக்கு மாறினோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே வம்பு வந்தது.

ஒழுங்கை முனையில் நின்ற தம்பியிடம் நான் சொன்னது: "தண்ணி லொறியை இப்ப உள்ளுக்கு விட வேண்டாம்." அவனுக்குக் கேட்டது: "தண்ணி லொறியை இப்ப உள்ளுக்கு விட." விடச் சொல்கிறேன் என்று நினைத்து விட்டுவிட்டான். சனத்துக்கு நடுவே மாட்டிய லொறியைப் பின்னுக்கு எடுக்க இருபது நிமிடம் போனது.

தவறு ஆப்பில் இல்லை, என் கட்டைவிரலில். சாதாரணக் கோலில் மைக் தொடக்கத்திலிருந்து கடைசி வரை திறந்தே இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். வாக்கி டாக்கி ஆப்பில் பொத்தானை அழுத்தியிருக்கும் வரைதான் மைக் திறந்திருக்கும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடிக்கப்போகிறோம் என்று மூளைக்குத் தெரிந்தவுடன் விரல் முந்திக்கொண்டு எழும்பிவிடும். கடைசிச் சொல் அங்கேயே வெட்டுப்படும்.

இது தமிழ் பேசுகிறவர்களுக்குக் கூடுதலாக இடிக்கும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். செய், செய்யாதே என்ற முடிவும் அந்த வாலில்தான் இருக்கும். வால் போனால் வாக்கியமே தலைகீழாகிவிடும். அதனால் இப்போது நாங்கள் முடிவை முதலில் சொல்கிறோம்: "நிறுத்துங்க. லொறி உள்ளுக்கு வர வேண்டாம்." பேசி முடித்ததும் மனதுக்குள் 'ஒன்று' என்று எண்ணிவிட்டுத்தான் விரலை எடுப்போம். கேட்டவர் 'சரி' என்று மட்டும் சொன்னால் போதாது. எதற்குச் சரி என்று அதில் தெரியாதே. "லொறி நிக்குது" என்று திருப்பிச் சொல்ல வேண்டும்.

வாக்கியத்தின் தலையும் வெட்டுப்படலாம். பொத்தானை அழுத்தியவுடன் இது நாம் பேசும் முறை என்ற அனுமதியை ஆப் சர்வரிடம் கேட்டு வாங்குகிறது. அது கிடைத்ததும் ஒரு சின்ன பீப் வரும், அல்லது பொத்தான் நிறம் மாறும். அதற்கு முன் பேசினால், பல ஆப்களில் அது யாருக்கும் போகாது. வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் வேறு மாதிரி ஒரு ஒலி கேட்கும். அது தெரியாமல் எங்கள் அண்ணா ஒருவர் முழுக் கதையையும் காற்றுக்குச் சொல்லி முடித்திருக்கிறார்.

அடுத்த தவறு, காதில் விழுவதெல்லாம் இப்போது நடப்பது என்று நம்புவது. கோலில் சிக்னல் போனால் வார்த்தை உடைந்து கேட்கும், இல்லாவிட்டால் கோலே அறுந்துவிடும். உண்மையான வாக்கி டாக்கியில் தவறவிட்டது தவறவிட்டதுதான். இந்த ஆப்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நாம் பேசியதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அனுப்புகின்றன. இணைப்பு திணறினால் பலவற்றில் அது வரிசையில் காத்திருந்து பிறகு ஒலிக்கும். கொள்ளுப்பிட்டியில் நிற்பவர் "வேல் இப்ப எங்களைத் தாண்டுது" என்று சொன்னது பம்பலப்பிட்டிக்காரர் போனில் மூன்று நிமிடம் கழித்து ஒலித்தால், குரலில் எந்த வித்தியாசமும் தெரியாது. புத்தம் புதிதாய்த்தான் கேட்கும். ஆகவே 'இப்ப', 'இங்க' என்ற இரண்டு சொல்லையும் நாங்கள் விலக்கிவிட்டோம். "5.40, கொள்ளுப்பிட்டிச் சந்தி, வேல் தாண்டியாச்சு" என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே சொல்வோம். சந்தேகம் வந்தால் ஆப்பின் ஹிஸ்டரியில் செய்திக்குப் பக்கத்தில் உள்ள நேரத்தைப் பார்க்கலாம்.

இதே தாமதத்தால் வரும் சின்னச் சண்டை ஒன்று: கேள்வி கேட்டு இரண்டு விநாடியில் பதில் வரவில்லை என்று திரும்ப அழுத்துவது. அந்த நேரம்தான் அவரும் பதில் சொல்ல அழுத்தப் போவார். முறை உங்களுக்குப் போய்விடும், அவர் வாயடைத்து நிற்பார். ஐந்து விநாடி பொறுங்கள்.

அப்புறம், தூங்கும் போன். கோல் வந்தால் பையில் கிடக்கும் போனும் எழும்பிவிடும். ஆப்புக்கு அந்த உரிமை தானாகக் கிடைக்காது. அண்ட்ராய்ட் 6 வந்த 2015 முதல், அசையாமல், திரை அணைந்து கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைச் சிஸ்டமே மட்டுப்படுத்துகிறது. சில கம்பெனிகளின் போன்கள் அதற்கு மேலும் கெடுபிடி. ஐபோனில் இவ்வகை ஆப்புக்கென்றே தனி வழி 2022இல் iOS 16உடன்தான் வந்தது. அறிகுறி எளிது: நீண்ட அமைதிக்குப் பின் வரும் முதல் செய்தி மட்டும் பிந்தி வரும், அடுத்தவை உடனே வரும். அண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கான பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடு இல்லாததாக மாற்ற வேண்டும். மாற்றியாச்சு என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் முதல் நாள் எல்லாப் போனையும் பூட்டி அரை மணி நேரம் பேசாமல் வைத்துவிட்டு ஒருவரை மட்டும் பேச வைத்தோம். மூன்று போன் ஊமையாக இருந்தது. அதில் ஒன்றில் ஆப் 'பிஸி' நிலையில் கிடந்தது. அந்த நிலையில் செய்தி வந்து சேரும், ஒலிக்காது.

பெயரை வைத்து ஏமாறுவதும் உண்டு. 2017இல் அமெரிக்காவில் இர்மா புயல் நெருங்கியபோது, இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்று நம்பி ஏராளமானோர் ஸெல்லோ என்ற வாக்கி டாக்கி ஆப்பை இறக்கினார்கள். அப்படி இல்லை என்று அந்த நிறுவனமே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. டேட்டாவோ வைஃபையோ கட்டாயம் வேண்டும். அதிலும் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது: வாட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டும் என்று விற்கும் பெக்கேஜில் இது ஓடாது. "டேட்டா இருக்கு அண்ணா, வாட்ஸ்அப் வேலை செய்யுதே" என்று ஒருவர் சத்தியம் பண்ணுவார். சாதாரண டேட்டா இருக்கிறதா என்று கேளுங்கள்.

டேட்டா இருந்தாலும் கூட்டம் ஒரு எல்லை. 4ஜி வலையமைப்பில் நேரடியாகப் போகும் குரல் கோலுக்கு முன்னுரிமையோடு தனிப் பாதை ஒதுக்கப்படும். ஆப்பின் குரலோ, சுற்றி நிற்பவர்கள் ஏற்றும் வீடியோக்களோடு ஒரே பாதையில் இடித்துப் பிடித்துப் போகும். தேர் அருகில் வரும் நேரம் ஆப் திக்கித் திணறுவதும், அதே போனில் கோல் ஒழுங்காகப் போவதும் அதனால்தான். எனவே 14 பேரின் இலக்கங்களும் எல்லார் போனிலும் இருக்க வேண்டும். யாராவது மயங்கி விழுந்தால் ஆப்பில் கத்திக்கொண்டு நிற்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் முதலில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குக் கோல் எடுக்கட்டும். சந்தியில் நிற்பவருக்கு அம்புலன்சுக்கு வழிவிடச் சொல்வது அதற்கு அடுத்தது, அதுவும் "வழி விடுங்க" என்று தொடங்கி.