ஓபன் மைக் நடத்துவது எப்படி: பெயர்ப் பட்டியல், நேரக் கணக்கு, சபைக்கூச்சம்

இடம் பிடிப்பது, நாற்காலி போடுவது, அழைப்பு அனுப்புவது போன்றவற்றை நான் இங்கே விளக்கப் போவதில்லை. அவை எந்த நிகழ்ச்சிக்கும் பொதுவானவை. பெயர் கொடுக்கும் எவரும் மேடை ஏறிப் படிக்கவோ பாடவோ கூடிய ஓபன் மைக்கில் என்னைத் தடுக்கி விழச் செய்தது நேரக் கணக்கு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் முறை நடத்தியபோது மாலை 7 மணி முதல் 9 மணி வரை என்று அறிவித்திருந்தேன். தொடக்க உரைக்கு 5 நிமிடமும் இடைவேளைக்கு 15 நிமிடமும் போக 100 நிமிடம் மிஞ்சுகிறது, ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 20 பேர் என்று வகுத்து, 20 பெயர்களையும் எழுதிக்கொண்டேன். காகிதத்தில் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஆனால் ஒருவர் முடித்து இறங்கி, நான் அடுத்தவர் பெயரைச் சொல்லி, அவர் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, மைக் ஸ்டாண்டைத் தம் உயரத்துக்கு இறக்கி முதல் சொல்லைச் சொல்வதற்குள் 2 நிமிடம் கரைந்துவிடுகிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 20 பேருக்கு அதுவே 40 நிமிடம். நேரத்தை மீறிய சிலரும் சேர்ந்துகொள்ள, நிகழ்ச்சி முடியும்போது மணி ஏறக்குறைய 10 ஆகிவிட்டது. கடைசி நான்கு பேர் பெரும்பாலும் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் படித்தார்கள்.

ஆகவே ஒருவருக்கு 5 நிமிடம் கொடுப்பதாக இருந்தால் 7 நிமிடம் என்று கணக்கிடுங்கள். 100 நிமிடத்தில் 14 பேருக்கு இடம் உண்டு. இருந்தாலும் நான் 12 பெயர்களைத்தான் எழுதுகிறேன். மிஞ்சும் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டுவைக்கிறேன். அவற்றின் பயன் பின்னால் வரும். கிட்டார், கீபோர்டு போன்ற கருவியோடு வருபவர்களுக்கு 2 நிமிடம் போதாது. அவர்களை இடைவேளைக்கு அடுத்த முதல் இடத்தில் வைத்தால், கேபிள் செருகுவதும் ஒலி சரிபார்ப்பதும் இடைவேளைக்குள்ளேயே முடிந்துவிடும்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். இணையப் படிவத்தில் முன்பதிவு வாங்கிப் பார்த்தேன். பதிந்தவர்களில் பலர் வரவில்லை, வந்தவர்களில் பலர் பதிந்திருக்கவில்லை. இப்போது ஓர் அட்டையில் கிளிப் மாட்டிய தாளும் பேனாவும்தான் என் கருவிகள். நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, நேரில் வருபவர் பெயரை மட்டும் எழுதுகிறேன். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற முறையில் பழகியவர்களே முன்னால் வந்து நல்ல இடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். சீட்டுக் குலுக்கலில் அந்தக் குறை இல்லை. ஆனால் தம் பெயர் எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது, ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவருக்குப் பெரிய வதை. எனவே வருகை வரிசையில் பெயரை வாங்கிக்கொண்டு, நிகழ்ச்சி வரிசையை நானே அமைப்பேன் என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுகிறேன். தொடங்குவதற்கு முன் அதைச் சுவரில் ஒட்டியும் விடுகிறேன். யாருக்குப் பின் தாம் என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடுகிறது.

பெயர் எழுதும்போதே, “இதற்கு முன் மைக்கில் பேசியிருக்கிறீர்களா?” என்று கேட்டு, இல்லை என்பவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன். புள்ளி வைத்தவர்களை முதல் இடத்தில் போடுவதில்லை. அரங்கம் இன்னும் சூடு பிடித்திருக்காது. கடைசியிலும் போடுவதில்லை, இரண்டு மணி நேரம் உள்ளங்கை வியர்க்கக் காத்திருப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது இடம் அவர்களுக்குப் பொருந்துகிறது. அவர்களுக்கு முன்னால், அரங்கையே குலுங்கச் சிரிக்கவைக்கும் ஆளை விடாமல், நிதானமாகப் படிக்கும் ஒருவரை விடுங்கள். “இவர் முதல் முறையாக மேடை ஏறுகிறார்” என்று அவரைக் கேட்காமல் அறிவிக்காதீர்கள். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அவமானம்.

நேரம் முடிவதை எப்படித் தெரிவிப்பது? மணி அடிப்பது எனக்குப் பிடிக்காது. கவிதையின் நடுவில் மணி விழுந்தால் கேட்பவர்களும் அறுந்துபோகிறார்கள். ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது அரங்கின் பின்புறத்திலிருந்து ஒரு சிறிய விளக்கைக் காட்டுகிறேன். பார்த்துவிட்டதாக அவர் தலையசைக்க வேண்டும். தலையசைப்பு வரவில்லை என்றால் அவர் பார்க்கவில்லை என்று பொருள், மறுபடி காட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் விளக்கை அணைக்காமல் பிடித்திருப்பேன். அதற்கு மேலும் ஒரு நிமிடம் போனால் நான் எழுந்து மேடையின் ஓரத்தில் வந்து நிற்பேன். இந்த விதியைத் தொடக்க உரையிலேயே சொல்லிவிட்டு, நண்பர் என்று எவருக்கும் தளர்த்தாமல் இருந்தால், பெரும்பாலும் எழுந்து நிற்க வேண்டியே வராது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு நிகழ்ச்சி நடத்திய ஒருவர், தாளைப் பார்த்துப் படிப்பவர்கள் விளக்கையே காணவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். நிமிராமல் படிப்பவர்களுக்கு விளக்கை மேடையின் காலடியில், தாளுக்கு நேர் கீழே வைத்துவிடுங்கள்.

இனி, மேடையில் நடுங்குபவர்கள். நடுக்கத்தை முதலில் காட்டிக்கொடுப்பது தாள்; அது படபடவென்று ஆடுவதைக் கண்டு படிப்பவர் மேலும் பதறுகிறார். தாளை என் கிளிப் அட்டையில் மாட்டிக் கொடுத்தால் ஆட்டம் வெளியே தெரிவதில்லை. மைக்கைக் கையில் கொடுக்காமல் ஸ்டாண்டிலேயே விடுங்கள்; கையில் வாங்கியவர் பேசப் பேச அதை மார்புவரை இறக்கிவிடுகிறார், குரல் பின்வரிசைக்குப் போவதில்லை. ஸ்பீக்கரை நோக்கித் திரும்பிவிட்டால் மைக் வீறிடும். அதைத் தம் தவறு என்று நினைத்து ஒடுங்கிவிடுவார்கள். கைப்பேசியைப் பார்த்துப் படிப்பவரிடம், திரை தானாக அணையும் நேரத்தை மேடை ஏறும் முன்பே நீட்டிவைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் ஒருவர் நடுவில் உறைந்து நின்றுவிடலாம். ஒரு மாலையில் நான்காவதாக ஏறிய பெண் இரண்டாவது பத்தியின் முதல் சொல்லோடு நின்றுவிட்டார். நான் உடனே ஓடியிருந்தால் அவர் இறங்கியிருப்பார். ஆகவே மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். எண்ணி முடித்தும் குரல் வரவில்லை என்பதால், மைக்குக்கு வெளியே, அவருக்கு மட்டும் கேட்கும்படி, “தண்ணீர் குடித்துவிட்டு அந்தப் பத்தியை முதலிலிருந்து படியுங்கள், நேரம் இருக்கிறது” என்றேன். “பரவாயில்லை, விட்டுவிடுங்கள்” என்று சொல்வதைத்தான் தவிர்க்க வேண்டும். கருணையாகத் தோன்றினாலும், அது அவரை மேடையிலிருந்து இறக்கும் சொல். அவர் தண்ணீரைக் குடித்தார், படித்தார், 8 நிமிடம் எடுத்துக்கொண்டார். விளக்கு அவருக்கும் காட்டப்பட்டது, அவரும் தலையசைத்தார். கூடுதலாகப் போன 3 நிமிடத்தை வெறும் வரிகளில் ஒன்று ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது வெறும் வரி, பெயர் கொடுத்துவிட்டுத் தம் முறை வரும்போது தலையை அசைத்து மறுப்பவர்களுக்கானது. காரணம் கேட்காமல் அடுத்தவரை அழைத்துவிட்டு, இடைவேளையில் அந்த வரியைக் காட்டி, “கடைசிக்கு முந்தைய இடம் உங்களுக்காக இருக்கிறது, வேண்டாம் என்றால் எனக்கு ஒரு சைகை போதும்” என்று மட்டும் சொல்கிறேன். சிலர் அன்றே ஏறுகிறார்கள். ஏறாதவரின் பெயரை அடுத்த மாதத் தாளில், அவரைக் கேட்டுக்கொண்டு, பென்சிலால் எழுதிவைக்கிறேன்.