முதலில் குரல், பிறகு படம்

ஊரிலுள்ள அப்பம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் காணொளி அனுப்பும்போது, பேரப்பிள்ளையின் குரலை முதலில் தனியாகப் பதிவு செய்துவிட்டு, அதன் நீளத்துக்கேற்பப் படத்தைப் பேச்சில்லாமல் எடுங்கள். கமராவைப் பார்த்தபடி தமிழில் பேசச் சொன்னால் பிள்ளை சொல்லைத் தேடித் தடுமாறும். வெளியிலோ காற்றின் இரைச்சல் குரலை மூடிவிடுவதால், காது மந்தமான முதியவர்களுக்கு ஒன்றுமே விளங்காது. உடுப்புகள் நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வசனம் வசனமாகப் பதிந்தால், துணிகள் எதிரொலியைக் குறைக்கும். பிழைத்த வசனத்தை மட்டும் திரும்பச் சொன்னால் போதும்.

ரொறன்ரோவின் பனிக்காலக் காலையைக் காட்ட மூன்று காட்சிகளே போதும்: சப்பாத்து மாட்டும் சின்னக் கைகள், வாசலில் பனி அள்ளுவது, பள்ளிப் பேருந்தில் ஏறுவது. “அப்பம்மா, இந்தச் சப்பாத்து முழங்கால் மட்டும் வரும்” என்று சொல்ல நான்கு விநாடி எடுத்தால், காட்சியை எட்டு விநாடிக்கு அசையாமல் எடுங்கள். மிச்ச நேரத்தில் அவர்கள் அந்தக் கைகளை ஆறுதலாகப் பார்க்கட்டும்.

பிள்ளை பாடும்போதும், முகத்தைக் காட்டி வாழ்த்துச் சொல்லும்போதும் இம்முறை பொருந்தாது. வாயசைவும் ஒலியும் விலகிவிடும் என்பதால், அவற்றை வீட்டுக்குள் கிட்ட நின்று ஒலியோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.