ஸ்பானிஷ் கால்பந்து வர்ணனை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானொலி வர்ணனையைக் கேட்டுவிட்டு என்னிடம் வரும் மாணவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் குறை சொல்கிறார்கள். கார்னர், ஆஃப்சைடு போன்றவற்றுக்கான ஸ்பானிஷ் சொற்களை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். அவர்கள் தடுமாறும் இடம் வேறு.

ஆளை முதலில் தேடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பொறுக்காது. பாடநூல் வாக்கியம் ஆளில் தொடங்குகிறது. வர்ணனையோ பெரும்பாலும் வினையில் தொடங்கும். யார் செய்தார் என்பது அதன் பின்னால் வரும்.

1986 ஜூன் 22 அன்று, மெக்சிகோ நகரின் அஸ்தெகா அரங்கில், இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோலை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ணித்தவர் உருகுவேக்காரர் விக்தோர் ஊகோ மொராலெஸ். "ஆயீ லா தியேனே மரடோனா, லோ மார்கான் தோஸ்" என்று தொடங்குகிறார். அதோ, பந்து மரடோனாவிடம். அவரை இருவர் மறிக்கிறார்கள். என் வகுப்பில் ஒருவர் இதை, மரடோனா இரண்டு கோல் அடித்ததாகப் புரிந்துகொண்டார். 'மார்கார்' கோல் அடிப்பதையும் குறிக்கும், எதிராளியை மறிப்பதையும் குறிக்கும் என்பதால் வந்த குழப்பம். ஆளை முதலில் எதிர்பார்த்ததால், மறிக்கப்படுபவரையே செய்பவராக்கிவிட்டார்.

காப்பாற்றுவது அந்தச் சிறு சொற்கள்தான். 'லா' பெண்பால், இங்கே பந்து. 'லோ' ஆண்பால், இங்கே மனிதர். ஸ்பெயினில் பந்தை ஆண்பாலில் 'பலோன்' என்பவர்களும் வர்ணனையில் 'லா தியேனே' என்று சொல்வதுண்டு.

அந்த ஒலிப்பதிவின் முதல் பத்து விநாடிகளைப் போடுங்கள். முதல் முறை, வரும் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். அடுத்த முறை, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வந்த வினையை எழுதுங்கள். மூன்றாம் முறை திசை: 'போர் லா தெரேச்சா' என்றால் வலப்பக்கம். பிறகு காட்சியைப் பாருங்கள். மரடோனா ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் தாளில் பந்து வேறொருவர் காலில் இருந்தால், வினையைத் தவறான பெயருடன் சேர்த்துவிட்டீர்கள்.

பாதி வேகத்தில் கேட்பது

வேண்டாம். பந்தை ஓரத்துக்கு அனுப்புகிறார் என்று சொல்லும் 'லா ஆப்ரே' ஒட்டி 'லாப்ரே' என்றே வருகிறது. மெதுவாக ஓட்டினாலும் பிரியாது.

எல்லா நாட்டு வர்ணனையையும் கலந்து கேட்பது

அர்ஜென்டினாவில் கோல்கீப்பர் 'ஆர்கேரோ', ஸ்பெயினில் 'போர்தேரோ'. ஒரு நாட்டோடு தொடங்குங்கள்.

'எஸ் கோல்' கேட்டதும் துள்ளுவது

"சி லா தோகா, எஸ் கோல்" என்றால் கோல் விழவில்லை. கால் பட்டிருந்தால் கோலாகியிருக்கும் என்று பொருள். நடக்காமல் போனதையும் வர்ணனையாளர் நிகழ்காலத்திலேயே சொல்வார். வாக்கியத்தின் தலையில் வந்து நிபந்தனையைக் காட்டும் 'சி'தான் அடையாளம். அதைத் தவறவிட்டாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும்: விழுந்த கோலுக்கு 'ஓ' நீண்டுகொண்டே போகும், தவறிய வாய்ப்புக்குச் சட்டென்று நின்றுவிடும்.