வயலில் கிடைத்த வெள்ளைக்கல் பழைய கைக்கருவியா? விளிம்பைப் பார்த்து மதிப்பிடும் முறை

வன்னியின் செம்மண் காணிகளில் மாரி மழை ஓய்ந்தபின் நடந்தால், மண் கழுவப்பட்டு வெண்படிகக் கற்கள் மினுங்குவதைக் காணலாம். குவார்ட்ஸ் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இந்தக் கல்லைத்தான் இலங்கையின் கற்கால மனிதர் மிகுதியாகப் பயன்படுத்தினர். கிளிநொச்சியின் இரணைமடு பெயரால் அழைக்கப்படும் செம்மண், சரளைப் படிவுகளில் அவர்களுடைய கருவிகள் கிடைத்துள்ளன. ஆயினும் அதே சரளையில் இயற்கையாக உடைந்த கற்களே மிகப் பெரும்பான்மை. மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு வயல் வரம்பில் நான் கண்ட, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமான ஒரு துண்டைக் கொண்டு, அவற்றைப் பிரித்தறியும் வழியை விளக்குகிறேன்.

படி 1: எடுப்பதற்கு முன் பாருங்கள்

கல் கிடந்த நிலையில் அளவுகோலுடன் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதைச் சுற்றிக் கிடக்கும் இருபது கற்களையாவது பாருங்கள். அவை யாவும் இதேபோல் உடைந்திருந்தால், அங்கே கிரவல் கொட்டப்பட்டிருக்கலாம் அல்லது உழவு இயந்திரம் அவற்றை நொறுக்கியிருக்கலாம். எக்காரணம் கொண்டும் தோண்ட வேண்டாம். தொல்பொருள் தேடி அகழ்வதற்குத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதோடு, எங்கள் மண்ணில் வெடிபொருள் இன்னும் மிச்சமிருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

படி 2: அடி விழுந்த இடத்தைத் தேடுங்கள்

ஒரு கல்லை மற்றொரு கல்லால் அடித்துப் பெயர்க்கும் துண்டைச் சில்லு என்போம். கண்ணாடி போல் சீரான கல்லாயின், அடி விழுந்த இடத்தின் கீழ்ச் சில்லின் உட்பக்கத்தில் சிறிய புடைப்பொன்று தோன்றி, அதிலிருந்து சிப்பியின் வரிகள் போன்ற அலைகள் விரியும். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் சோடாப்போத்தல் ஒன்றின் தடித்த அடிப்பாகத்தைக் கவனித்தால் இது நன்கு விளங்கும்.

படிகக் கல்லிலோ இந்தப் புடைப்பு பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. அது உள்ளே வெடிப்புகள் நிறைந்த கல்லாதலால், அலையாக விரியாமல் நொறுங்கிப் பிளக்கும். புடைப்பு இல்லை என்பதற்காக நான் முன்பு நல்ல துண்டொன்றை எறிந்திருக்கிறேன். ஆகவே இங்கே அடி விழுந்த முனையில் மாப்போல் நொறுங்கிய சிறு வெள்ளைப் புள்ளி உண்டா என்று பாருங்கள். அது எதிரெதிரான இரு முனைகளிலும் இருந்தால், கல்லை ஒரு பட்டடைக் கல்லின்மேல் நிறுத்தி மேலிருந்து அடித்திருக்க வாய்ப்புண்டு. சிறு படிகக் கற்களை உடைக்க அம்முறை பெரிதும் பயன்பட்டது. என் துண்டில் ஒரு முனை மட்டுமே அவ்வாறு நொறுங்கியிருந்தது. அதுமட்டும் போதாது, ஏனெனில் உருண்டு மோதிய கல்லிலும் அது வரும்.

படி 3: விளிம்பில் நேரம் செலவிடுங்கள்

தீர்மானம் பெரும்பாலும் இங்கேதான் உருவாகும். தண்ணீரால் மட்டும் மெதுவாகக் கழுவி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். கருவி செய்தவர் விளிம்பைச் சீராக்கச் சிறு சிறு சில்லுகளைப் பெயர்த்திருந்தால், அவற்றின் தழும்புகள் ஒன்றையொன்று தொட்டபடி, ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவையாய் வரிசையாக அமையும். மாறாக, மாட்டின் குளம்பும் கலப்பையும் உண்டாக்கும் உடைவுகள் ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமுமாக, இடைவெளிவிட்டு, அளவு மாறிக் கிடக்கும். கலப்பையின் இரும்பைவிடப் படிகம் கடினமானது என்பதால், இரும்பு உரசிய இடத்தில் கல்லின்மேல் சாம்பல் நிறக் கோடு ஒட்டியிருப்பதையும் காணலாம்.

படி 4: தழும்புகளின் வயதை ஒப்பிடுங்கள்

என் துண்டின் ஒரு விளிம்பில் ஐந்து தழும்புகள் இருந்தன. முதற்பார்வையில் ஐந்தும் ஒரே வரிசை போலத் தோன்றியதால் நான் மகிழ்ந்துபோனேன். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தபோது, மூன்றின் பள்ளங்களில் செம்மண் சாயம் ஊறி, அவற்றின் ஓரங்கள் விரலுக்குச் சற்று மழுங்கலாகப் பட்டன. மற்ற இரண்டு பளிச்சென்ற வெண்மையும் கூர்மையும் கொண்டிருந்ததோடு, எதிர்ப்பக்கத்திலிருந்து பெயர்ந்தும் இருந்தன. அவ்விரண்டும் அண்மைக்கால உடைவுகள். சாயம் ஊறிய மூன்றும் ஒரே பக்கத்தில் தொடர்ச்சியாக அமைந்திருந்தன. சாயமோ பழமையை மட்டுமே காட்டும். மனிதன் செய்தான் என்று காட்டாது. அதற்கு வரிசைதான் சாட்சி, மூன்றே தழும்புள்ள வரிசை சற்றுச் சிறிய சாட்சி.

விளிம்பு முழுவதும் கூழாங்கல் போல் வழுவழுப்பாக உருண்டிருந்தால் இந்த ஒப்பீடு பயன்படாது. நீர் அடித்துத் தேய்த்த தழும்புகளைப் பிரித்துப் படிக்க முடியாது.

படி 5: தீர்ப்பை அளந்து எழுதுங்கள்

ஒரு முனை நொறுங்கல், சாயம் ஊறிய மூன்று தொடர்த் தழும்புகள், சூழவுள்ள கற்களில் இவ்வகை விளிம்பு காணப்படாமை ஆகிய மூன்றையும் சேர்த்து, "கருவியாக இருக்கலாம்" என்று மட்டும் குறித்தேன். அதே வரம்பில் அத்தகைய விளிம்புள்ள இன்னும் இரண்டு மூன்று துண்டுகள் கிடைத்திருந்தால் "பெரும்பாலும் கருவி" என்று எழுதியிருப்பேன். கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, படங்களையும் குறிப்பையும் தொல்பொருள் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்திடம் கையளித்தேன்.