மறுசீரமைப்புக்குப் பிறகு டீமுக்கு எழுதும் மெயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக மேனேஜர் ஆன இரண்டு பேர் தங்கள் டீமுக்கு எழுதிய மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினார்கள். மறுசீரமைப்பு அறிவிப்பு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கலந்து பேசவில்லை. ஆனாலும் இரண்டு மெயிலிலும் ஒரே வரி: "நம் டீமைப் பொறுத்தவரை எதுவும் மாறாது." எட்டு வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் எழுதினேன். மெயில் நீளமாகிவிட்டது, நன்றி சொல்ல மறந்துவிட்டது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எதுவும் மாறாது" என்று எழுதுவது

அப்போது எங்கள் டீமில் 9 பேர். எங்களை இன்னொரு பிரிவின் கீழ் கொண்டுபோனார்கள். என் மேலதிகாரியிடம் கேட்டபோது, "உங்க டீமுக்கு இப்போதைக்குப் பெரிய மாற்றம் இல்லை" என்றார். நான் மெயில் எழுதும்போது "இப்போதைக்கு" போய்விட்டது, "பெரிய" என்பதும் போய்விட்டது. டீம் பதற்றமாக இருந்தது. அவர்களை ஆறுதல்படுத்த வேண்டும் என்ற அவசரத்தில், "அதே வேலை, அதே ஆட்கள், அதே நேரம்" என்று எழுதி அனுப்பினேன்.

ஆறாவது வாரம் புதிய பிரிவு தன் இரவு ஷிஃப்ட் பட்டியலில் எங்களையும் சேர்த்தது. மாதத்துக்கு நான்கு இரவுகள். அன்று மதியம் டீமில் ஒருவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து, திரையை என் பக்கம் திருப்பினார். என் மெயில் திறந்திருந்தது. "அதே நேரம்" என்ற இரண்டு சொற்களையும் மஞ்சளில் குறித்து வைத்திருந்தார். "நீங்க இப்படி எழுதினதை நம்பித்தான் வேற டீம்ல வந்த இடத்தை வேண்டாம்னு சொன்னேன். ராத்திரி குழந்தையைப் பாத்துக்க வீட்ல ஆள் இல்லை" என்றார். அந்த இடத்துக்கு அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். இன்னும் அது எனக்கு உறுத்துகிறது.

மேலதிகாரி பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். மறுசீரமைப்பு பெரும்பாலும் படிப்படியாகத்தான் நடக்கும். யார் யாருக்குக் கீழ் என்பதை முதலில் முடிவு செய்து அறிவிப்பார்கள். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு பட்ஜெட், எத்தனை பேர் என்பது அதற்கு அப்புறம். ஷிஃப்ட், வேலைப் பங்கீடு, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் எல்லாம் அதற்கும் பிறகு, புதிய பிரிவுத் தலைவர் உட்கார்ந்து பார்க்கும்போது முடிவாகும். முதல் வாரத்தில் "மாற்றம் இல்லை" என்று சொல்பவர், அந்த முடிவுகள் இன்னும் எடுக்கப்படாத நிலையில் சொல்கிறார். நாம் அதை உறுதிமொழியாக்கிக் கீழே அனுப்பிவிடுகிறோம்.

அதற்காக மாறாதவற்றைச் சொல்லாமலே விடக்கூடாது. பிடித்து நிற்க ஏதாவது வேண்டும் என்றுதான் டீம் அந்த மெயிலைத் திறக்கிறது. எனவே "மாறாதவை" பட்டியலில் ஒவ்வொரு வரியையும் எழுதும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இதை முடிவு செய்பவர் யார்? நானில்லை என்றால், அவர் எனக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறாரா?

விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நான் ஒப்புதல் கொடுத்த விடுப்பு மாறாது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதத் தோன்றும். ஆனால் டீமில் இரண்டு பேர் வேறு மேனேஜருக்குப் போகிறார்கள் என்றால், அவர்களுடைய விடுப்பு இனி அவர் கையில். எனவே முதலில் அவரிடம் கேட்டு, "சரி, அப்படியே வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி பதில் வாங்கிய பிறகுதான் எழுத வேண்டும். அப்ரைசல் வேறு மாதிரி. வருடத்தின் நடுவே மேனேஜர் மாறினால், இதுவரை செய்த வேலையைப் புதியவர் பார்த்திருக்க மாட்டார் என்பதுதான் எல்லோருடைய பயமும். அதில் என் கையில் இருப்பதை மட்டும் எழுதலாம்: "இதுவரை நீங்கள் செய்த வேலை பற்றிய குறிப்பை நானே எழுதி, உங்களிடம் காட்டிவிட்டு, புதிய மேனேஜரிடம் கொடுப்பேன்." இறுதி மதிப்பெண் அப்படியே இருக்கும் என்று எழுதக் கூடாது. அதை நான் கொடுக்கப் போவதில்லை.

வேலை போகுமா என்ற கேள்வியை எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள். அதைத் தொடாமல் விட்டால் மற்ற எந்த வரியும் அவர்களுக்கு ஏறாது. இப்போது நான் எழுதுவது இப்படி:

"ஆட்குறைப்பு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்பவன் நானில்லை. இருக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பட்ஜெட் 30-ஆம் தேதி முடிவாகும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை உங்கள் சொந்த முடிவுகளை என் ஊகத்தை வைத்து எடுக்காதீர்கள்."

கடைசி வாக்கியத்தை எழுதக் கை வராது. அந்த லேப்டாப் திரையை நினைத்துக்கொண்டு எழுதிவிடுவேன்.

தெரிந்ததைத் தெரியாது என்பது

சில விஷயங்கள் மேனேஜருக்குத் தெரிந்திருக்கும், அறிவிப்பு வரும்வரை சொல்ல அனுமதி இருக்காது. அங்கே "தெரியாது" என்று எழுதிவிட்டால், அறிவிப்பு வந்த அன்று தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் உண்மையாகவே தெரியாது என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "இதில் சில விவரங்கள் எனக்குத் தெரியும், இப்போது சொல்ல முடியாது" என்று எழுதுங்கள். அதுகூட எதையாவது காட்டிக்கொடுத்துவிடும் என்றால், என்ன சொல்லலாம் என்று ஹெச்.ஆரிடம் முதலில் கேளுங்கள்.

மேனேஜர் மாறுபவருக்கு மெயிலில் சொல்வது

அவர்களிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். மெயில் அதற்கு அப்புறம்.

வெள்ளிக்கிழமை மாலை அனுப்புவது

வேண்டாம். கேள்வி கேட்க ஆள் இல்லாமல் இரண்டு நாள் தவிப்பார்கள்.

"விரைவில் தெரிவிக்கிறேன்"

"விரைவில்" என்றால் ஒருவருக்கு நாளை, இன்னொருவருக்கு அடுத்த மாதம். கிழமையைச் சொல்லுங்கள்: "ஒவ்வொரு புதன்கிழமையும் எழுதுவேன், புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும்." சொன்ன பிறகு அதைத் தவறவிடக் கூடாது. ஒரு புதன் மெயில் வராவிட்டால், ஏதோ நடக்கிறது என்று மதியத்துக்குள் பேச்சு கிளம்பிவிடும். போன முறை மூன்றாவது வாரத்தில் நான் அனுப்பிய மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: "பட்ஜெட் இன்னும் முடிவாகவில்லை. 30-ஆம் தேதி என்பது மாறவில்லை." அதற்கு ஐந்து பேர் நன்றி என்று பதில் போட்டார்கள். முதல் நாள் அனுப்பிய நீளமான மெயிலுக்குக்கூட அத்தனை பதில் வரவில்லை.

அந்த இருவரில் ஒருவர் மாற்றி எழுதியதை நேற்று அனுப்பியிருந்தார். "மாறாதவை" என்பதன் கீழ் நான்கு வரிகள். நான்காவது, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் பற்றியது. புதிய பிரிவுத் தலைவரிடம் கேட்டாயா என்றேன். கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்றார். அதை வெட்டி "இன்னும் தெரியாதவை" பகுதியில் ஒட்டச் சொன்னேன்.